கமலா அத்தை பெட்டியில் இருந்த குடும்ப மரம்: படத்தில் படித்தவை

அன்புள்ள பெரியப்பா,

சுங்கை சிப்புட் வீட்டில் நீங்கள் எடுத்து அனுப்பிய படத்தை இரண்டு இரவு உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். தாளில் உள்ளதை மட்டும் முதலில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததையும் ஊகத்தையும் தனியாகச் சொல்கிறேன். இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

மேலே முதல் தலைமுறை: கருப்பண்ணன். பக்கத்தில் "துறையூர் பக்கம், 1912 கப்பல்" என்று இருக்கிறது. அவரோடு கோடு போட்டு இணைத்த கட்டத்தில் "மனைவி" என்ற ஒரே சொல். பெயர் இல்லை.

இரண்டாம் தலைமுறையில் மூன்று பிள்ளைகள். மூத்தவர் மாரிமுத்து, அவர் மனைவி அஞ்சலை. கடைசி மூக்காயி, அவர் கணவர் பெரியண்ணன். நடுவில் ஒரு கட்டம், பெயரே எழுதாமல், உள்ளே "சயாம் 43". அதை ஒட்டி இன்னொரு கட்டம், முழுக்க வெற்று. ஆக, மாரிமுத்து கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி, அந்தத் தம்பிக்கு ஒரு மனைவி. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. இவர் திரும்பினாரா என்று தாள் சொல்லவில்லை. அவருக்குக் கீழே கோடும் இறங்கவில்லை. அந்த வெற்றுக் கட்டத்துப் பெண் பிறகு எங்கே போனார் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றாம் தலைமுறை கொஞ்சம் சிக்கல். மாரிமுத்துவின் பிள்ளைகள் கருப்பண்ணன் (என் தாத்தா, உங்கள் அப்பா), ராமாயி, சுப்பையா. தாத்தாவின் மனைவி தனலட்சுமி. மூக்காயியின் பிள்ளைகள் வேலு, அப்புறம் "சின்னம்மா" என்று மட்டும் எழுதிய ஒருவர். ராமாயி பெயர் தாளில் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள்தான்: மாரிமுத்துவின் மகளாக ஒரு முறை, வேலுவின் மனைவியாக இன்னொரு முறை. அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அதேபோல் கருப்பண்ணன் என்ற பெயர் இரண்டு முறை வருவது வேறு வேறு ஆட்கள். பேரனுக்குத் தாத்தா பெயர்.

அந்தச் "சின்னம்மா" என்ற சொல் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. இந்த மரத்தை வேலுவின் மகள் முனியம்மா சின்னம்மா வரைந்திருப்பார் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனால் வேலுவின் தங்கை அவருக்கு அத்தை முறை அல்லவா? அவரைச் சின்னம்மா என்று எழுதக்கூடியவர்கள் நீங்கள், அப்பா, கமலா அத்தை மூன்று பேர்தான். நீங்களும் அப்பாவும் வரையவில்லை என்றால், இது கமலா அத்தை கையெழுத்து. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சுப்பையா பெயருக்குக் கீழே "ஊருக்கு, 70" என்று எழுதி, கோட்டை ஓர் அம்புக்குறியோடு நிறுத்தியிருக்கிறார் அத்தை. 1969-க்குப் பிறகு மலேசியக் குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானபோது தோட்டங்களிலிருந்து ஊருக்குத் திரும்பியவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். அவருக்கு மனைவி, பிள்ளைகள் இருந்தார்களா, எந்தக் கிராமம் என்று எதுவும் இல்லை.

நான்காவது: தங்கவேலு, அவர் மனைவி பார்வதி, கமலா, அவர் கணவர் பெயரில் "கோ" மட்டும் தெரிகிறது, மீதி விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது (கோவிந்தன் மாமா என்பது நமக்குத் தெரியும், ஆனால் தாளில் படித்ததாக எழுதமாட்டேன்), செல்வராஜூ, அவர் மனைவி சாந்தி. ராமாயி பாட்டி பக்கம் முனியம்மா, அவருக்கு முன்னால் "குழந்தை, 1951". பெயர் வைக்கும் முன்பே போயிருக்க வேண்டும்.

ஐந்தாம் தலைமுறையில் மூன்று கட்டங்களின் மேல்பாதி மட்டும் தெரிகிறது. படத்தின் அடி வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆக, கட்டம் இருந்தும் பெயர் இல்லாதவர்கள் ஐந்து பேர்: மூன்று பெண்கள், சயாம் போனவர், ஒரு குழந்தை. முதல் கருப்பண்ணனின் மனைவிக்கு ராமாயி என்ற பெயர் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்தவர்கள் பேத்திக்குப் பாட்டி பெயரை வைத்திருப்பார்கள் அல்லவா? பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

தாளைப் பகலில் வாசல் பக்கம் தரையில் விரித்து, விளக்கு இல்லாமல், அடிப்பகுதியைத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், மடிப்பு வழியாக ஏதோ எழுத்து தெரிகிறது. முனியம்மா சின்னம்மாவுக்கு மூக்காயி பாட்டி மடியில் வளர்ந்த நினைவு இருக்கும். சயாம் போன அண்ணனைப் பற்றி அந்தப் பாட்டி என்ன பெயர் சொல்லி அழுதார் என்று மட்டும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை நான் வருகிறேன், சேர்ந்தே போய்க் கேட்கலாம்.

உங்கள் மகள்,
கவிதா
ஈப்போ