‘குடை’ப் பதிவின் தமிழ் வடிவம்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்

அன்புள்ள சாருக்கு,

வணக்கம். நம் வாசகர் வட்ட மலருக்காக நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய குடைப் பதிவைத் தமிழாக்கியிருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிடுங்கள்.

“எங்கள் மாவட்டத்துக்கு மழை ஆண்டுக்கு இரண்டு முறை வரும், என் குடை ஒரு முறையும் வராது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தபோது அது மார்த்தாண்டம் பேருந்தில் ஏறிப் போனது. அக்டோபரில் வடகிழக்கு வந்தபோது அதன் தம்பி தக்கலைப் பேருந்தில் போனான். குடையை மறக்காதே என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். நான் எங்கே மறக்கிறேன்? அதுதான் என்னை மறந்துவிடுகிறது. வெயில் கொளுத்தும் நாளிலோ கையை விட்டு அகலாது. கல்யாண வீட்டுக்குக் கூடவே வந்து, பந்தியில் பக்கத்தில் சாய்ந்து, பாயசம் வரை பார்த்திருந்து, பத்திரமாக வீடு திரும்பும். மழை பெய்யட்டும், பேச்சிப்பாறை நிரம்பட்டும், குளமெல்லாம் பெருகட்டும். குடைக்கடைக்காரர் என்னால் கோடீஸ்வரர் ஆகட்டும்!”

உங்கள் முதல் வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. ஆங்கிலத்தில் நகைச்சுவை ‘குடை’ என்ற பெயர்ச்சொல்லில் போய் இறங்குகிறது. தமிழில் வாக்கியம் வினையில் முடிவதால், குடையை எங்கே வைத்தாலும் சிரிப்பு அதற்கு முன்பே கசிந்துவிடுகிறது. ஆகவே ‘வரும்’, ‘வராது’ என்ற இரண்டு வினைகளையும் எதிரெதிரே நிறுத்தினேன். பருவமழைகளைக் குடை தவறவிட்டது என்று நீங்கள் எழுதிய செய்தி அப்படியே இருக்கிறது; அதைச் சொன்ன வினை மட்டும் இல்லை.

தொலைந்த பொருள்களை ஒப்படைக்கும் அலுவலகத்தைப் பற்றிய வரியை நீக்கிவிட்டேன். அதை நம் வாசகருக்கு விளக்கத் தொடங்கினால், விளக்கம் முடிவதற்குள் சிரிப்பு ஆறிவிடும். அந்த இடத்தில் வேறொரு சிரிப்பு வேண்டும் என்பதால் குடைக்கு ஒரு தம்பியைக் கொடுத்திருக்கிறேன். இது முழுக்க என் சேர்க்கை. உங்கள் சம்மதமில்லாமல் அச்சுக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

கல்யாண வீட்டு வரியில் உங்கள் ஆங்கிலச் சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கி வரிசையாக ஓடுகின்றன. அந்த ஓட்டத்தை நம் மோனை தாங்கிக்கொண்டது: பந்தி, பக்கம், பாயசம், பார்த்து, பத்திரம். இதற்காக நீங்கள் சொன்ன கேக்கைக் கைவிட்டுப் பாயசம் பரிமாறினேன். நம் ஊர்ப் பந்தியில் அதுவே பொருத்தம். இறுதியில் நீங்கள் கோப்பை உயர்த்திச் சொன்ன வாழ்த்தை, பெரியவர்கள் ‘ஆகட்டும்’ என்று ஆசி கூறும் நடைக்கு மாற்றியிருக்கிறேன்.

ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே கோடிட்டு அனுப்பினால் திருத்திவிடுகிறேன். தம்பி இருக்கலாமா, வேண்டாமா என்பதையும் வியாழக்கிழமைக்குள் தெரிவியுங்கள்; வெள்ளி காலையில் பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
மலர்க் குழுவிலிருந்து உங்கள் மாணவி