தேக்கா மளிகைக் கடைக்கு மேலாளர் தேவை

பஃப்ளோ சாலையில், தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மளிகைக் கடையை முழுப்பொறுப்பில் எடுத்து நடத்த ஒருவர் வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி, பூ, வாழையிலை, பூசைச் சாமான் எல்லாம் விற்கிறோம். முழுநேரம் 4 பேர், பகுதிநேரம் 7 பேர் வேலை செய்கிறார்கள்.

சம்பளம்: மாதம் 3,600 முதல் 4,200 வெள்ளி வரை, அனுபவத்தைப் பொறுத்து. முதலாளி தரப்பு மத்திய சேம நிதி இதற்கு மேல் தனி. ஓராண்டு முடிந்ததும் ஒரு மாதச் சம்பளம் போனஸ்.
வேலை நேரம்: வாரம் 44 மணி. திங்கள், புதன், வியாழன், வெள்ளி காலை 6.30 முதல் பிற்பகல் 2.30 வரை. சனி, ஞாயிறு பிற்பகல் 1.30 முதல் இரவு 10.30 வரை. தினமும் 1 மணி நேரம் இடைவேளை. செவ்வாய் ஓய்வு.
விடுப்பு: ஆண்டுக்கு 14 நாள். தீபாவளி அன்றும் பொங்கல் அன்றும் கடை மூடியிருக்கும்.
வேலை தொடக்கம்: மே 4.

போன தடவை விளம்பரம் கொடுத்தபோது சம்பளத்தையும் போனஸையும் மட்டும் எழுதினேன். நல்ல மனிதர் ஒருவர் வந்தார், நான்கே மாதத்தில் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை இப்படி இருக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அதனால் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஞாயிறு. மாலை 5 மணிக்கு மேல் தங்குவிடுதிகளிலிருந்து வரும் தம்பிமார்களின் கூட்டம் நடைபாதையிலேயே நிற்கும். ஆறு நாள் வெயிலில் வேலை பார்த்துவிட்டு அந்த ஒரு நாள்தான் அவர்கள் வெளியே வருகிறார்கள். கையில் இருக்கிற காசுக்கு எண்ணி வாங்குவார்கள். ஒருவர் 2 வெள்ளிக்குப் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கேட்பார், அடுத்தவர் அறையில் இருக்கும் பத்துப் பேருக்குச் சேர்த்து அரிசி மூட்டை எடுப்பார். இரண்டு பேருக்கும் ஒரே மரியாதை. இந்தக் கடையில் இது மாறாத வழக்கம். முகம் சுளிக்கிற மேலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எங்களுக்கு ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்துக்கென்று வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதற்கு விண்ணப்பிக்க வேண்டாம். அது நியாயமான ஆசைதான், ஆனால் இந்த வேலையில் நடக்காது.

அடுத்து வெள்ளிக்கிழமை காலை. மலேசியாவிலிருந்து காய்கறி லாரி 6.45க்கு வந்து நிற்கும். கட்டிய பூவும் வெற்றிலையும் அதே நேரத்தில் வரும். கோயிலுக்குப் போகிறவர்கள் 7 மணிக்கே வாசலில் நிற்பார்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, சரியில்லாத பெட்டியை அங்கேயே லாரியில் திருப்பி ஏற்ற வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் போன் பண்ணினால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். கணினிப் படிப்பு எவ்வளவு இருந்தாலும் இந்தக் கை பழகாதவர் இங்கே சிரமப்படுவார். பழகிக்கொள்ள மனமிருந்தால் ஆறு வாரத்தில் நானே கற்றுத் தருகிறேன்.

கணக்கு வழக்கும் உங்கள் பொறுப்பு. கல்லாவில் ரொக்கம், நெட்ஸ், பேநவ் மூன்றையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். 9 சதவீதப் பொருள் சேவை வரிக்கான பில்கள் தேதிவாரியாகக் கோப்பில் இருக்க வேண்டும். ஸ்டாக் எக்செல்லில் இருக்கிறது, அது ஓரளவு தெரிந்தால் போதும். சிங்கப்பூர் உணவு அமைப்பிலிருந்து அதிகாரி வந்தால் நின்று பதில் சொல்லப்போவது நீங்கள்தான். ஆகவே அரிசி மூட்டை தரையில் படாமல் பலகைமேல் இருப்பது, குளிர்பெட்டியின் சூடு குறிப்பது, பழைய சரக்கு முன்னாலும் புதுசு பின்னாலும் இருப்பது எல்லாம் தினப்படி வேலை.

ஆர்டர் போடுவதில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்கிறவர் வேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. மறுமாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. செய்தி வந்த அன்று மாலையே ஆளுக்கு நான்கு மூட்டை என்று கேட்டார்கள். அப்போதிருந்த எங்கள் மேலாளர் யாரையும் கேட்காமல் ‘ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். கையிருப்புக்கு விலையையும் ஏற்றவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அன்று அரிசி கிடைத்த குடும்பங்கள் இன்றுவரை எங்களை விட்டுப் போகவில்லை. அவர் போன வருடம் ஓய்வு பெற்றார். அவரைப் போல ஒருவரைத்தான் தேடுகிறோம்.

கடையிலோ, சாப்பாட்டுக் கடையிலோ, கிடங்கிலோ மூன்று வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியிருந்தால் போதும். மளிகை அனுபவம் கட்டாயமில்லை. வாடிக்கையாளர்களும் சரக்கு தருகிறவர்களும் பெரும்பாலும் தமிழில் பேசுவதால் தமிழ் சரளமாக வர வேண்டும். பில்லும் கடிதமும் படிக்கிற அளவு ஆங்கிலம் தேவை. பங்ளாதேஷ் தம்பிமார்களோடு இரண்டு வார்த்தை பேச வந்தால் இன்னும் நல்லது. ஆணா பெண்ணா, என்ன வயது, எந்த மதம், கல்யாணம் ஆயிற்றா என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். புகைப்படமும் வேண்டாம். 25 கிலோ மூட்டையைத் தூக்கப் பையன்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் நின்றுகொண்டே செய்கிற வேலை.

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க இந்த இடத்துக்கு எங்களால் அனுமதி வாங்க முடியாது. ஊரில் இருக்கிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: நாங்கள் எந்த ஏஜெண்டையும் வைக்கவில்லை. இந்த வேலையைக் காட்டி யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்தோடு கீழே உள்ள மூன்றுக்கும் உங்கள் கைப்பட நாலைந்து வரியில் பதில் எழுதுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. பதில் இல்லாத விண்ணப்பத்தைப் பார்க்கமாட்டோம்.

1. சனி இரவு 9 மணி. இட்லி மாவு 40 பாக்கெட் மிச்சம், நாளையோடு தேதி முடிகிறது. இன்றிரவு என்ன செய்வீர்கள்? அடுத்த வார ஆர்டரில் என்ன மாற்றுவீர்கள்?
2. கல்லாவில் 37 வெள்ளி குறைகிறது. உட்கார்ந்திருந்தவர் மூன்று வருடமாக இருக்கும் அக்கா. முதலில் யாரிடம், என்ன பேசுவீர்கள்?
3. ஞாயிறு மாலை கூட்டத்தில் ஒரு வாடிக்கையாளர் நம் பையனைத் திட்டுகிறார். தப்பு பையன்மேல்தான். எப்படித் தீர்ப்பீர்கள்?

மார்ச் 31க்குள், செவ்வாய் தவிர எந்த நாளும் பிற்பகல் 3 முதல் 5 மணிக்குள் கடைக்கே வந்து கொடுங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம். கல்லாவுக்கு மேலே பழைய பித்தளைத் தராசு தொங்கும் கடை. அடையாள அட்டை நகல் இப்போது வேண்டாம். தேர்வாகிறவர்களை ஒரு ஞாயிறு மாலை 4 மணி நேரம் எங்களோடு வேலை பார்க்கச் சொல்வோம், அதற்கு 80 வெள்ளி அன்றே கையில் தருவோம். பார்த்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லலாம். வேலைக்கு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எழுதிக் கொடுத்த எல்லோருக்கும் ஏப்ரல் 15க்குள் பதில் வரும்.