ஆகஸ்ட் 9 வரை விடுப்பு: கொலுசு ஆர்டர்களுக்கு கவிதாவைத் தொடர்பு கொள்ளுங்கள்

வணக்கம்.

உங்கள் மெயில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் நான் இப்போது அதைப் பார்க்க மாட்டேன். 2026 பிப்ரவரி 9 முதல் ஆகஸ்ட் 9 வரை, 26 வாரம் பேறுகால விடுப்பில் இருக்கிறேன். ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை செவ்வாய்ப்பேட்டை அலுவலகத்துக்குத் திரும்புவேன். இந்த மெயில் தானாக கவிதாவுக்குப் போகாது. பதில் வேண்டுமென்றால் அவருக்கே ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.

வெளியூர்க் கடைகளின் ஆர்டர், மாதிரி, அனுப்புதல், ரிப்பேர் எல்லாவற்றையும் இனி கவிதாதான் பார்க்கிறார். என் முகவரியில் selvi என்று இருக்கும் இடத்தில் kavitha என்று மாற்றிப் போட்டால் அவருக்குப் போய்விடும். அவசரம் என்றால் நம் பில்லின் தலைப்பில் உள்ள அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டு அவரைக் கேளுங்கள். திங்கள் முதல் சனி வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 7 மணி வரை இருப்பார். அன்றைய வெள்ளி ரேட்டை உறுதி செய்யவும், கூலி பேசவும் அவருக்கு முழு அதிகாரம் உண்டு. என்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்க மாட்டார்.

ஆர்டரை போனில் பேசி முடித்தாலும் டிசைன் எண், ஜோடி எண்ணிக்கை, அளவு, டச் நான்கையும் எழுத்தில் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். முத்து வேண்டுமா, வேண்டாமா என்பதையும் சேர்த்து. போன வருடம் நான் பத்து நாள் லீவில் இருந்தபோது வாய்வார்த்தையை நம்பி, முத்து வைத்துக் கேட்ட கடைக்கு வெறும் சங்கிலிக் கொலுசை அனுப்பிவிட்டோம். ஏழு கிலோ சரக்கு, போய்த் திரும்பி வந்தது. தப்பு எங்கள் பக்கம்தான்.

பிப்ரவரி 7 வரை என்னிடம் பேசி முடித்த ஆர்டர்கள் எல்லாம் கவிதாவின் நோட்டில் ஏறிவிட்டன. அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டாம். அட்சய திருதியைக்கு வேண்டிய சரக்கை மட்டும் பங்குனி பாதிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் பட்டறையில் இடம் கிடைக்காது. ஆடிப் பண்டிகை சமயத்தில் பட்டறை ஆட்கள் கோட்டை மாரியம்மனுக்குப் போய்விடுவார்கள், அந்த நாட்களில் புதிதாக எதுவும் கேட்காதீர்கள், கவிதா பாவம்.

பில், ஜிஎஸ்டி, பாக்கி விவரங்களுக்கும் கவிதாவையே கேளுங்கள், அவர் கணக்குப் பிரிவில் விசாரித்துச் சொல்வார். நம் வங்கிக் கணக்கு மாறவில்லை. நான் லீவில் இருப்பது தெரிந்து, என் பெயரிலேயே "புதுக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று யாராவது மெயில் அனுப்பக்கூடும். அப்படி வந்தால் பணம் போடாமல், முதலில் அலுவலக எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்கு.

நன்றி,
செல்வி
வெளியூர் விற்பனை, சேலம்