வங்கிப் பயிலுநர் பரீட்சை: கலவை, விகிதம், வயது (பயிற்சித்தாள் 4, ஹட்டன் சனிக்கிழமை வகுப்பு)

ஆறு வினாக்கள், ஒன்பது நிமிடம். கணிப்பான் கிடையாது. விடையை எழுதி முடிக்கும்வரை தாளின் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

1. தலவாக்கலைக் கடைக்காரர் ஒருவர் கிலோ 1,800 ரூபா பி.ஓ.பி.எப். தேயிலையையும் கிலோ 1,300 ரூபா டஸ்ட் தேயிலையையும் கலந்து, கிலோ 1,680 ரூபாவுக்கு விற்று 20% இலாபம் பெறுகிறார். பி.ஓ.பி.எப்., டஸ்ட் கலந்த விகிதம் என்ன?
(1) 19 : 6 (2) 4 : 1 (3) 1 : 4 (4) 6 : 19

2. பச்சைக் கொழுந்தில் 76% நீர். தயாரான தேயிலையில் 4% நீர். கழிவு எதுவும் இல்லையெனில் 100 கிலோ கொழுந்திலிருந்து எத்தனை கிலோ தேயிலை கிடைக்கும்?
(1) 20 (2) 24 (3) 25 (4) 28

3. 40 லீற்றர் பாலிலிருந்து 8 லீற்றர் எடுத்துவிட்டு, அதே அளவு நீர் ஊற்றப்படுகிறது. கலக்கியபின் இதையே மீண்டும் ஒருமுறை செய்தால் பாலுக்கும் நீருக்கும் உள்ள விகிதம்?
(1) 3 : 2 (2) 16 : 9 (3) 4 : 1 (4) 9 : 16

4. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8%, தோட்ட நிர்வாகம் 12% செலுத்துகின்றன. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் மட்டும் 3% செலுத்துகிறது. ஒரு தொழிலாளியின் பெயரில் ஒரு மாதத்தில் மொத்தம் 6,900 ரூபா செலுத்தப்பட்டது. நிர்வாகம் அவரைவிட எவ்வளவு கூடுதலாகச் செலுத்தியது?
(1) 1,200 (2) 1,800 (3) 2,100 (4) 2,400

5. ஆறு வருடங்களுக்கு முன் தாய், மகள் வயது விகிதம் 3 : 1. இன்னும் பன்னிரண்டு வருடங்களில் அது 9 : 5. மகளின் இன்றைய வயது?
(1) 12 (2) 15 (3) 18 (4) 24

6. நுவரெலியாவில் ஒரு வங்கிக் கிளையில் ஆண்களின் சராசரி வயது 38, பெண்களின் சராசரி வயது 33, எல்லோரினதும் சராசரி 35. ஊழியர்கள் 20 பேர். ஆண்கள் எத்தனை பேர்?
(1) 8 (2) 10 (3) 12 (4) 14

பின்பக்கம்: விளக்கம்

முதல் வினாவில் (1)ஐத் தெரிவு செய்தவர்கள் குறுக்குக் கழித்தலைச் சரியாகவே செய்திருப்பார்கள். 1,680ஐ வைத்துச் செய்ததுதான் பிழை. கடைக்காரர் கலப்பது கொள்விலையில். 1,680 ÷ 1.2 = 1,400. இனி டஸ்ட் விலைக்கும் 1,400க்கும் உள்ள வித்தியாசம் 100; அது பி.ஓ.பி.எப்.இன் பங்கு. மற்ற வித்தியாசம் 400. அது டஸ்டின் பங்கு. 1 : 4, விடை (3). பங்குகள் குறுக்காக மாறுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிலோ பி.ஓ.பி.எப். கலந்தால் 400 ரூபா நட்டம், ஒரு கிலோ டஸ்ட் கலந்தால் 100 ரூபா மிச்சம். ஒரு கிலோவின் நட்டத்தை ஈடுசெய்ய நான்கு கிலோ டஸ்ட் வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் 4 : 1 என்று தலைகீழாக எழுதிவிடும் பயமே இல்லை. கலவை நடு விலையை விட மலிவுப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆகவே மலிவானதுதான் அதிகம் என்று ஒரு பார்வையிலேயே சரிபார்க்கலாம்.

இரண்டாவதில் நீரை மறந்துவிடுங்கள், மாறாதது உலர்பொருள். அது 24 கிலோ. தேயிலையில் அதுவே 96%. 24 ÷ 0.96 = 25, விடை (3). தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன்மாரிடம் கேட்டால் இவ்வளவு வராது என்பார்கள். காம்பும் தூசும் கழிவதால் அது நியாயம்தான். ஆனால் வினாவில் “கழிவு இல்லையெனில்” என்று இருக்கிறது. பரீட்சையில் அனுபவத்தை விட வினாவைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவதில் ஒவ்வொரு முறையும் ஐந்தில் நான்கு பங்கு பால் மிஞ்சுகிறது. 4/5 × 4/5 = 16/25. எஞ்சிய 9/25 நீர். விடை (2). இரண்டாம் தடவை எடுத்த 8 லீற்றர் வெறும் பால் அல்ல. 3 : 2 என்றவர்கள் விட்டது அதை.

நான்காவது: 8 + 12 + 3 = 23 பங்கு, ஒரு பங்கு 300 ரூபா. வித்தியாசம் 15 − 8 = 7 பங்கு, 2,100 ரூபா. விடை (3). வீட்டில் யாருடைய சம்பளச் சிட்டையையாவது எடுத்துப் பார்த்தால் இந்த வீதங்களைப் பாடமாக்கவே தேவையில்லை.

ஐந்தாவதை x போட்டுச் செய்வது தவறல்ல, ஆனால் நேரம் போகும். தாய், மகள் வயது வித்தியாசம் எந்த வருடத்திலும் மாறாது. 3 : 1இல் அது 2 பங்கு, 9 : 5இல் 4 பங்கு. முதலாவதை 6 : 2 ஆக்கினால் இரண்டிலும் 4. இப்போது மகள் 2இலிருந்து 5க்கு, தாய் 6இலிருந்து 9க்கு: மூன்று பங்கு ஏறியது 18 வருடத்தில். ஒரு பங்கு 6. அன்று மகளுக்கு 12, இன்று 18, தாய்க்கு 42. விடை (3). (1)ஐத் தெரிவு செய்தவர்கள் ஆறு வருடத்தைக் கூட்ட மறந்தவர்கள்; அந்த எண்ணை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஆறாவது, வயது வேடம் போட்ட கலவைக் கணக்கு. 35 − 33 = 2, 38 − 35 = 3. ஆண், பெண் 2 : 3. இருபதில் 8, விடை (1).

அடுத்த வாரம் கொண்டுவர: முதல் பெட்டியில் பி.ஓ.பி.எப்., டஸ்ட் 3 : 2; இரண்டாம் பெட்டியில் 1 : 4. இரண்டையும் கலந்து, பி.ஓ.பி.எப்., டஸ்ட் 1 : 2 ஆக உள்ள 45 கிலோ வேண்டுமானால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எத்தனை கிலோ எடுக்க வேண்டும்? விடை மட்டும் போதாது, வழியும் வேண்டும்.