கடல் வற்றும் என்று காத்திருக்காதீர்கள்: மட்டக்களப்பு மாநாட்டு உரையின் நிறைவுப் பகுதி

தலைவர் அவர்களே, நீங்கள் அனுப்பிய துண்டு கைக்கு வந்துவிட்டது. இன்னும் எட்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் சுனாமி எச்சரிக்கை பற்றிய நான்காம் பகுதி முழுதாக மிச்சம் இருக்கிறது. பத்தொன்பது படங்கள், இருபது நிமிடப் பேச்சு. அதை எட்டு நிமிடத்துக்குள் ஓட்டினால் படங்கள் உங்கள் கண்ணைக் கடந்து போகும், ஒன்றும் மனதில் தங்காது. ஆகவே அந்தப் பகுதியை இந்த மேடையில் பேசாமலே விடுகிறேன்.

நேரம் எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவில் நின்றுவிட்டோம். அந்தச் சூறாவளியைத் தம் வீட்டுக் கூரையோடு சேர்த்துக் கண்ட மூன்று பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். தென்னைகள் விழுந்த ஒலியை அவர்கள் எழுந்து சொல்லத் தொடங்கியபோது, இடைமறிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போதும் அதற்காக வருந்தவில்லை. ஐயா, அம்மா, நீங்கள் சொன்னதை நான் எந்தப் படத்திலும் காட்டியிருக்க முடியாது.

எனக்குப் பிறகு பேசவிருக்கும் சகோதரி விடியும் முன் வாகரையில் பஸ் ஏறி வந்திருக்கிறார். வெள்ளம் வயலுக்குள் நிற்கும் நாட்களைப் பற்றிப் பேசப் போகிறார். அவருடைய நேரத்தில் ஒரு நிமிடமும் நான் எடுக்க மாட்டேன்.

இருக்கும் நேரத்தில் நான்காம் பகுதியிலிருந்து ஒரேயொரு செய்தியை மட்டும் சொல்கிறேன். மற்றவற்றை நீங்கள் வாசித்துக்கொள்ளலாம். இதை மட்டும் என் வாயால் சொல்லாமல் இறங்க எனக்கு முடியாது.

பாடசாலைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் சுனாமி எச்சரிக்கைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கடல் உள்வாங்குகிறது, மீன்கள் மணலில் துடிக்கின்றன, பிள்ளைகள் மேட்டை நோக்கி ஓடுகிறார்கள். படத்தில் பொய் இல்லை. ஆனால் நம்முடைய கரைக்கு அது பாதி உண்மைதான். 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தட்டு ஆயிரம் கிலோமீற்றருக்கும் கூடுதலான நீளத்துக்குப் பிளந்தது. அந்தப் பிளவின் மேற்குப் பக்கம், அதாவது நம்மைப் பார்த்த பக்கம், கடல் தரை மேலே எழுந்தது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் வற்றியது. நம்முடைய கிழக்குக் கரைக்கு முதலில் வந்ததே ஏற்றம். களுத்துறையில் கடல் வெகுதூரம் பின்வாங்கிக் கிடந்த செய்மதிப் படத்தை உலகமே பார்த்தது. அதுவும் முதல் அலை வந்து போன பிறகு எடுக்கப்பட்டது.

இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? "கடல் வற்றினால் ஓடு" என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, வற்றாத கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு இரவில் தூக்கம் கெடுக்கும் எண்ணம் இதுதான். கடல் வற்றினால் ஓட வேண்டும். வற்றாவிட்டாலும், எச்சரிக்கை வந்தால், ஓட வேண்டும். சுவரில் இருக்கும் படத்துக்குக் கீழே இந்த இரண்டாவது வரியையும் எழுதுங்கள். ஒரு தூரிகையும் கொஞ்சம் சாயமும் போதும், எந்த அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

நில அதிர்வையும் நாம் நம்பியிருக்க முடியாது. 2004இன் அந்தக் காலையில், நம் நேரப்படி ஏழு மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பு, சுமாத்திராப் பக்கம் பூமி அதிர்ந்தது. இங்கே மட்டக்களப்பில் நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலை வழக்கம்போலவே விடிந்திருந்தது. அலை வரும்வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு தோணிக்காரர் கரைவலையை இழுத்து முடித்து, மீனைப் பிரித்து, வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கலாம். யாரும் வந்து சொல்லவில்லை என்பதுதான் நம் துயரத்தின் வேர்.

இன்று சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் நிலையங்களிலிருந்து கொழும்புக்கு அறிவித்தல் வருகிறது. கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கும் வருகிறது. அதற்கப்பால் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கு அதைக் கொண்டுபோவது யார்? நான்காம் பகுதியின் பத்தொன்பது படங்களும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியவைதான்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் அதற்கு நமக்கு ஒரு ஒத்திகை கிடைத்தது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலில் மீண்டும் பெரிய அதிர்வு. கரையோரத்தை விட்டு வெளியேறும்படி அறிவித்தார்கள். நான் அன்று கல்லடியில் இருந்தேன். ஓடியவர்களுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு பழைய ஒடுங்கிய பாலம். மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாக நின்றன. அலை வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அந்தப் பாலத்தடியில் நின்ற எவரும் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு நிலைமை மாறியது. ஆனாலும் இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி, நடுவே ஒரு மணல் திட்டு என்ற நம் ஊர்களின் அமைப்பு மாறவில்லை. நாவலடியில் இருப்பவர் மேற்கே ஓடினால் வாவித் தண்ணீர்தான் வரும். எந்தத் திசையில், எந்த வீதியால், எந்த மாடிக் கட்டடத்துக்கு என்பதை ஒவ்வொரு வீடும் முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

இங்கே கிராம உத்தியோகத்தர்கள் பலர் இருக்கிறீர்கள். மீனவர் சங்கங்களிலிருந்தும் மாதர் சங்கங்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் இருக்கும் ஒலிபெருக்கியின் சாவி யாரிடம், அவர் வெளியூர் போனால் யாரிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்றும் கேளுங்கள். காது கேளாதவர் எந்த வீட்டில், நடக்க முடியாதவர் எந்த வீட்டில், அவர்களைத் தூக்க யார் வருவார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். முதல் அலையோடு முடிந்துவிட்டது என்று பொருட்களை எடுக்கத் திரும்பிப் போனவர்களை நாம் இழந்திருக்கிறோம். அதனால் அறிவித்தல் கொடுப்பவரே திரும்பி வரலாம் என்று சொல்லும்வரை யாரும் இறங்கக்கூடாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் பகுதி முழுவதும் அச்சிட்டு வாசலுக்கு அருகில் இருக்கும் மேசையில் வைத்திருக்கிறேன். நாற்பது பிரதிகள்தான் இருக்கின்றன. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒன்றை எடுத்துப் பகிர்ந்துகொண்டால் எல்லா ஊருக்கும் போய்ச் சேரும். கல்முனை, மருதமுனை, காரைதீவு, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிலிருந்து வந்த நண்பர்களுக்கு முதலில் கொடுங்கள். அம்பாறை மாவட்டக் கரையோரம் பட்ட இழப்பை நான் இன்று போதிய அளவு பேசவில்லை, அது எனக்குப் பெரிய குறை. அச்சுப் பிரதியின் கடைசி மூன்று பக்கங்கள் அந்த ஊர்களைப் பற்றியவை.

கேள்விகளுக்கு ஒதுக்கிய நேரத்தையும் நானே எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். தேநீர் வேளையில் சுவரில் தொங்கும் வாவி வரைபடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். உங்கள் ஊர் ஒழுங்கையை அதில் விரலால் காட்டுங்கள், அங்கிருந்து பேசலாம். அதில் பிழையாகக் குறித்திருந்தால் திருத்தவும் ஒரு பேனை வைத்திருக்கிறேன்.

தலைவர் அவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், 1978ஐ எங்களுக்கு மீண்டும் காட்டிய பெரியவர்களுக்கும் நன்றி. சகோதரி, வாருங்கள். மேடை உங்களுடையது.