தாப்பா தாண்டினதும் படி

பாப்பா,

தலைப்பப் பார்த்தியா? தாப்பா இன்னும் வரலன்னா மூடி வை. அங்க ஆர்-அன்-ஆர்ல அப்பா எப்படியும் காடிய நிறுத்துவாரு, தே தாரிக் குடிப்பாரு, அம்மா இட்லிப் பொட்டலத்தப் பிரிப்பாங்க. நீ பசியாறிட்டு, அவங்க ரெண்டு பேரும் டாய்லெட்டுக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்து உட்கார்ந்து படி.

இன்னிக்கு உன்ன யுனிவர்சிட்டியில சேர்க்க பினாங்குக்கு உன்கூட வர முடியலன்னு எனக்கு மனசே ஆறல. ஃபேக்டரில வருஷத்துக்கு ஒரு தடவதான் மொத்தக் கரண்டையும் நிறுத்தி மெயின் போர்டத் திறப்பாங்க. சார்ஜ்மேன் இல்லாம அதத் தொடக்கூடாது, இந்த ஷிஃப்ட்டுக்கு சார்ஜ்மேன் நான்தான். மாத்திக் கேட்டுப் பார்த்தேன், ஆள் கிடைக்கல. காலையில நாலு மணிக்கு நான் கிளம்பறப்ப உன் ரூம் கதவு பாதி திறந்திருந்துச்சு. நீ தூங்கல. கண்ண மட்டும் மூடிக்கிட்டு இருந்தே. எழுப்பினா ரெண்டு பேருமே அழுதிருப்போம்னு பேசாமப் போயிட்டேன். வழியெல்லாம் அதே நினைப்பு. அதான் இடைவேளையில உட்கார்ந்து இத எழுதுறேன்.

முதல்ல சாமான் விஷயத்த முடிச்சிடுறேன். நீலப் பையில எக்ஸ்டென்ஷன் ஒண்ணு இருக்கு, சிரிம் ஸ்டிக்கர் பார்த்து நானே வாங்கினது. ஹாஸ்டல்ல அத அனுமதிப்பாங்களான்னு கேட்டுட்டு மாட்டு. ஒரு ப்ளக் பாயிண்ட் தாங்குறது 13 ஆம்ப். நம்ம ஊரு 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா மூவாயிரம் வாட்டுக்குக் கொஞ்சம் கீழ. போன், லேப்டாப், டேபிள் லைட் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு வாட்டத் தாண்டாது, அதுக்கெல்லாம் பயம் இல்ல. ஆனா ஒருத்தி கெட்டில் போட, இன்னொருத்தி அதே எக்ஸ்டென்ஷன்ல அயர்ன் பாக்ஸ் போட்டா அந்த ரெண்டே மூவாயிரத்தத் தாண்டிடும். காலையில எல்லாரும் ஒரே நேரத்துல அவசரப்படறப்ப இதுதான் நடக்கும். எப்பவாவது ப்ளக்க லேசாத் தொட்டுப் பாரு. சூடா இருந்தா ஸ்விட்ச அணைச்சிட்டுக் கழட்டிடு. இந்த வேலையிலயே இருக்கிறவன் சொல்றேன், கருகின ப்ளக்குகள நிறையப் பார்த்திருக்கேன்.

துணிக்கு நடுவுல அம்மா ஒரு சின்ன ரைஸ் குக்கர ஒளிச்சு வச்சிருந்தாங்க. ஆஃபர் லெட்டரோட வந்த ரூல்ஸ்ல ரூமுக்குள்ள சமைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, அதனால நான் எடுத்து என் அலமாரியில வச்சிட்டேன். அங்க போய் நீ தேடுவே, அதான் சொல்றேன். அம்மாகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அது இருந்த இடத்துல முறுக்கும், இட்லிப் பொடியும், அம்மா வறுத்த நெத்திலிச் சம்பாலும் வச்சிருக்கேன்.

அலமாரிக்குப் பூட்டு நீதான் கொண்டு போகணும். கடையில வாங்கலாம்னுதான் இருந்தேன், அப்பா தாத்தாவோட பித்தளைப் பூட்ட எடுத்துக் கொடுத்தாரு. செந்தூல் ரயில்வே பட்டறையில வேலை செஞ்சப்ப தாத்தா தன் டூல் பெட்டிக்குப் போட்டிருந்தது. எண்ணெய் விட்டு வச்சிருக்கேன், சாவி லேசாத் திரும்பும். ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணு உன் கழுத்துச் சங்கிலியில, இன்னொண்ணு என்கிட்ட.

காசு. லோன் வர சில வாரம் ஆகும், அத நம்பி எதுவும் திட்டம் போடாதே. உன் அக்கவுண்டுல முந்நூறு வெள்ளி போட்டிருக்கேன். முறுக்கு டின்னுக்கு அடியில ஒரு கவர்ல நூறு வெள்ளி இருக்கு. அது போன் செத்து, கார்டு தொலைஞ்சு, மழையில மாட்டிக்கிற நாளுக்கு. அந்த நாள் வந்தா யோசிக்காம எடு. கணக்கு எனக்கு வேணாம்.

இப்ப ரூம். அடுத்த கட்டில்ல யாரு வருவாங்கன்னு நேத்து ராத்திரி பூரா கேட்டுக்கிட்டு இருந்தே. எனக்கு எப்படித் தெரியும்? கிளந்தான் பிள்ளையா இருக்கலாம், சரவாக் பிள்ளையா இருக்கலாம், நம்ம பிள்ளையாவும் இருக்கலாம். மலாய்க்காரப் பிள்ளையா இருந்தா விடியறதுக்கு முன்னாடி சுபுஹுத் தொழுகைக்கு அலாரம் அடிக்கும். முதல் வாரம் உனக்கு எரிச்சலா இருக்கும், அப்புறம் காது பழகிடும். நீ முருகன் படம் வைக்கப் போறத அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வை. விளக்குக்குத் தீ வேணாம், பேட்டரி விளக்கு வச்சிருக்கேன். முறுக்கு டின்ன முதல் நாளே திறந்து நடுவுல வச்சிடு. என்ன பேசறதுன்னு தெரியாத நேரத்துல அந்த டின் உதவும்.

உன் மலாய் நல்லாத்தான் இருக்கு. எஸ்.டி.பி.எம் வரைக்கும் படிச்சிட்டு இன்னும் "நான் தமிழ்ப்பள்ளி"ன்னு பின்னாடி நிக்காதே. தமிழ்ப்பள்ளியில படிச்சுத்தான் பார்மசி கிடைச்சிருக்கு.

ஓரியண்டேஷன் வாரம் தூக்கம் இருக்காது, கத்திக் கத்தித் தொண்டை போயிடும். அந்த வாரத்த வச்சு, "எனக்கு இந்த இடம் பிடிக்கல"ன்னு முடிவு பண்ணிடாதே. கேம்பஸ் மேடும் பள்ளமுமா இருக்கும், யுஎஸ்எம் வர்றதுக்கு முன்னாடி அது பிரிட்டிஷ் ராணுவத்தோட மிண்டன் பாரக்ஸ். குடையும் ஷூவும் மேலயே வச்சிருக்கேன், மழைக்காலம் இது. நாசி கண்டார் கடைக்குக் கூட்டிட்டுப் போனா இறாலும் மீன் முட்டையும் தட்டுல விழறதுக்கு முன்னாடி விலையக் கேட்டுக்க. அவ்வளவுதான். மத்ததெல்லாம் நீயே கண்டுபிடிச்சுப்பே.

யாரோட பேசுறே, யாரோட வெளிய போறேன்னு நான் கேட்கப் போறதில்ல. உனக்குப் பத்தொன்பது வயசாச்சு. ராத்திரி எந்நேரம் ஆனாலும், எங்க இருந்தாலும், திரும்பி வர வழியில்லன்னா என்னக் கூப்பிடு. நான் இங்க இருந்தே கிராப் போட்டு விடுறேன். ஏன் அங்க போனேன்னு அன்னிக்கும் கேட்க மாட்டேன், மறுநாளும் கேட்க மாட்டேன். யாராவது சீனியர் உன்ன அழ வச்சா மட்டும் அன்னிக்கே சொல்லிடு, தாங்கிக்கிட்டு இருக்காதே.

இதெல்லாம் சொல்லிட்டேன். சொல்ல வந்தது வேற.

நான் பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போனப்ப எனக்குப் பதினெட்டு, உனக்கு ஒன்பது. முதல் மாசமே கையில காசு தீர்ந்துச்சு. ஃபிரெண்டுங்களோட வெளிய போய்ப் போய் ரெண்டே வாரத்துல காலி. அப்புறம் ரெண்டு வேளையும் மீ பாக்கெட்தான். அதோட காய்ச்சல் வந்து மூணு நாள் எழுந்திரிக்கல. ரூம்ல எல்லாரும் வார லீவுக்குப் போயிட்டாங்க, ஃபேன் சுத்தறதப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன். அம்மா போன் பண்றப்ப, "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்"னு சொன்னேன். வீட்டுல இருக்கிற கஷ்டத்துல நானும் ஒரு கஷ்டமாக் கூடாதுன்னு நினைச்சேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா ஹாஸ்டல் வாசல்ல நின்னாரு. நாலு மணி நேரம் பஸ்ஸுல வந்திருக்காரு. கையில கஞ்சி ஃபிளாஸ்க், பெனடால், ரெண்டு துண்டு. ஒண்ணும் கேட்கல. நான் குடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. நெத்தியத் தொட்டுப் பார்த்தாரு. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாரு. அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்ல.

நேத்து ராத்திரி நீ படுத்தப்புறம், பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டே அப்பாகிட்ட கேட்டேன். "நீதான்"னு சொன்னாரு. அன்னிக்கு அம்மா போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்களாம். நீ சாப்பாட்டு மேசைக்குக் கீழ விளையாடிக்கிட்டு இருந்தியாம். போன வச்சதும் நீ வெளிய வந்து, "அண்ணன் நல்லா இருக்கேன்னு ரெண்டு தடவ சொன்னுச்சு. ஒரு தடவ சொன்னாத்தான் நிஜம்"னு சொன்னியாம். அப்பா அன்னிக்கு ராத்திரியே துணிய மடிச்சு வச்சிட்டாரு.

உனக்கு இது ஞாபகம் இருக்குமான்னு தெரியல. எனக்குத் தூக்கம் வரல. இத்தனை நாள் அப்பாதான் என்னத் தேடி வந்தாருன்னு நினைச்சிருந்தேன். அனுப்பி வச்சது நீ.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். தினம் கூப்பிட வேணாம். அம்மாவுக்கு நீ "நல்லா இருக்கேன்"னு டைப் பண்ணி அனுப்பு, அவங்களுக்கு அது போதும், அவங்க நிம்மதியாத் தூங்கட்டும். எனக்கு மட்டும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ உன் குரல அனுப்பு. முப்பது விநாடி போதும். சாப்பாடு நல்லா இல்லன்னு திட்டு. லாப்ல ஏதாவது உடைஞ்சதச் சொல்லு. டோபி மெஷின் காசத் தின்னுடுச்சுன்னு சொல்லு. ஒண்ணும் சொல்லத் தோணலன்னா சும்மா மூச்சு விட்டு அனுப்பு. நானும் மேசைக்குக் கீழ உட்கார்ந்து கேட்கிறேன்னு வச்சுக்க. நீ ரெண்டு தடவ "நல்லா இருக்கேன்"னு சொன்னா நான் லீவு போட்டுட்டுக் கிளம்பிடுவேன்.

உன் ரூம் அப்படியேதான் இருக்கும். அம்மா தையல் மெஷின அங்க நகர்த்தலாமான்னு கேட்டாங்க, வேணாம்னுட்டேன்.

தீபாவளிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. ரயில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துடும், அதனால உனக்கு எடுத்துட்டேன். பட்டர்வொர்த்ல இருந்து கேஎல் சென்ட்ரல், ஜன்னல் சீட்டு. கேம்பஸ்ல இருந்து பஸ் ஏறி ஜெட்டிக்குப் போ, ஃபெரியில அக்கரைக்கு வந்தா ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம். ராத்திரி நான் கேஎல் சென்ட்ரல்ல நிப்பேன்.

சரி, அம்மா வந்திருப்பாங்க. கண்ணத் துடைச்சுக்க. பினாங்குப் பாலத்துல ஏறினதும் முதல் வாய்ஸ் அனுப்பு. பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், கடல் மேல மட்டும் 8.4. கடல் தெரியறப்ப ஆரம்பி, ஜன்னலக் கொஞ்சம் இறக்கி விடு, காத்துச் சத்தமும் கேட்கட்டும். அப்ப நான் போர்டு முன்னாடி நிப்பேன், போன் லாக்கர்ல இருக்கும். ஆறு மணிக்கு வெளிய வந்ததும் முதல் வேலையா அதத்தான் கேட்பேன்.

அண்ணன்