அப்பாவின் வாராந்திர மருந்துப் பெட்டி அட்டவணை: 2026 ஜூன் 7 முதல் ஜூலை 4 வரை

கொழிஞ்சாம்பாறை வீட்டின் சாப்பாட்டு அறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பதற்காக இதை எழுதியுள்ளேன். அம்மாவும், தம்பியின் மனைவியும், பகலில் துணைக்கு வரும் அக்காவும் இதைப் பார்த்தே மருந்து கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு வயது 78. சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு குறைவு, கண் அழுத்தம் ஆகிய நான்கும் இருக்கின்றன; ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மருந்து எதுவும் ஒவ்வாமை தருவதாக இதுவரை தெரியவில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி

இந்த வீட்டில் மருந்து நேரத்தைச் சொல்லும்போது "ராவிலெ" என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது. மலையாளத்தில் அது காலை. நம் பேச்சுத் தமிழில் காதில் விழும்போது அது இரவு. கடந்த மார்ச்சில் மருந்துக் கடையில் "ராவிலெ ஒண்ணு" என்று சொல்லிக் கொடுத்த கிளிமெபிரைடு மாத்திரையை, துணைக்கு வரும் அக்கா இரவு மாத்திரை என்றே புரிந்துகொண்டு, அப்பா அரைக் கிண்ணம் கஞ்சி மட்டும் குடித்திருந்த ஓர் இரவில் கொடுத்துவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவின் பனியன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. குளுக்கோமீட்டர் 58 காட்டியது. அதில் அவர் தவறு எதுவுமில்லை, கடைக்காரர் தவறும் இல்லை. ஆகவே இனி காலை, மதியம், இரவு என்ற மூன்று சொற்களை மட்டுமே எழுதவும் சொல்லவும் வேண்டும். கடை உறைமேல் மலையாளத்தில் எழுதித் தந்தால் அம்மா அதை வாசித்து, அதன் கீழேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

பெட்டி

பெட்டியில் ஏழு வரிசையும் வரிசைக்கு மூன்று அறையுமாக 21 அறைகள் உள்ளன. மூடிமேல் அச்சிட்டிருந்த ஆங்கில முதலெழுத்துகளில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து, சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே எழுத்து என்பதால், அவற்றின்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிக் கிழமைகளைத் தமிழில் முழுப் பெயராக எழுதியிருக்கிறேன். காலை அறைக்கு மஞ்சள், மதியத்துக்குப் பச்சை, இரவுக்கு நீலம் என்று பொட்டு வைத்துள்ளேன். சனிக்கிழமை மாலை நான் கோவையிலிருந்து வந்து அடுத்த வாரத்துக்கு நிரப்புவேன். நான் வர முடியாத வாரத்தில் தம்பியின் மனைவி நிரப்ப, அம்மா அருகில் அமர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். நிரப்பி முடித்ததும் பெட்டிக்குள் மொத்தம் 50 மாத்திரைகள் இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மூடிவிட்டுப் போகாமல், எல்லா அறைகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

| நேரம் | பெட்டியிலிருந்து | பெட்டிக்கு வெளியே |
|---|---|---|
| விடியற்காலை 6:00, வெறும் வயிறு | இல்லை | தைராக்சின் 50 மைக்ரோகிராம் 1 |
| காலை 8:15, பலகாரத்துடன் | கிளிமெபிரைடு 1 மி.கி. 1, மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மி.கி. 1 | டெல்மிசார்டன் 40 மி.கி. 1 |
| மதியம் 1:30, சாப்பிட்ட பின் | ஆஸ்பிரின் 75 மி.கி. 1, கால்சியம் 500 மி.கி. 1, ஞாயிறு மட்டும் வைட்டமின் டி3 60,000 யூனிட் 1 | இல்லை |
| இரவு 8:30, சாப்பிட்ட பின் | மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மி.கி. 1, அம்லோடிபின் 5 மி.கி. 1, அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. 1 | 9:30க்கு லட்டானோபிராஸ்ட் கண் சொட்டு, இரு கண்ணிலும் ஒவ்வொரு துளி |

காலை

தைராக்சினை அதன் குப்பியிலேயே வைத்து, கட்டிலருகே தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதை வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் காபி உட்பட எதுவும் கூடாது. அப்பாவுக்கு ஆறு மணிக்கே காபி வேண்டும் என்பதால் இது தினசரி வழக்காடலாகத்தான் இருக்கும், ஆயினும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கால்சியம் தைராக்சினை உடலில் சேரவிடாமல் தடுப்பதால் இரண்டுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி தேவை. கால்சியத்தை மதியத்துக்குத் தள்ளியிருப்பதன் காரணம் அதுவே.

காலை அறையிலுள்ள இரண்டில் சிறியது கிளிமெபிரைடு. தட்டில் இட்லி வைத்து, அப்பா உட்கார்ந்து, முதல் வாய் எடுக்கும்போதுதான் அதைக் கையில் கொடுக்க வேண்டும். பசியில்லை என்று எழுந்துவிட்டாலோ, விரதம் என்று சொன்னாலோ, அந்த மாத்திரையை அன்று கொடுக்கக் கூடாது. வேறு வேளைக்கும் மாற்றக் கூடாது. அமாவாசை விரதத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நான் செய்ய வேண்டிய வேலை. பெரியது மெட்ஃபார்மின், சாப்பிட்டு முடித்ததும் கொடுக்கவும். அது மெதுவாகக் கரையும் வகை என்பதால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அதன் மேலோடு சில நாள் மலத்தில் அப்படியே வெளியேறக்கூடும். மருந்து உடலில் சேர்ந்த பிறகு மிஞ்சும் வெறும் கூடுதான் அது.

டெல்மிசார்டன் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மாத்திரை. ஜூன் மழையில் நம் வீட்டு உப்பு ஜாடியே கசிந்துவிடுகிறது. இந்த மாத்திரையைப் பிரித்துப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே அட்டையோடு ரப்பர் பேண்டு போட்டுப் பெட்டிமேல் கட்டியிருக்கிறேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையிலிருந்து நேரடியாகப் பிரித்துக் கொடுக்கவும். அட்டையைக் கத்தரித்து ஒற்றை ஒற்றையாகப் பெட்டியில் போடும் யோசனை தம்பிக்கு வந்தது, நான் மறுத்துவிட்டேன். கூர்முனையுள்ள அந்தத் துண்டை முதியவர்கள் மாத்திரையோடு சேர்த்தே விழுங்கி, தொண்டையைக் கிழித்துக்கொள்வதுண்டு.

மதியமும் இரவும்

மதிய மாத்திரைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வயிறு நிறைந்த பின் கொடுத்தால் போதும். வைட்டமின் டி3 வாரத்துக்கு ஒன்றே என்பதை மட்டும் எல்லோரும் மனத்தில் கொள்ளவும். எட்டு வார மருந்தாக மே 10 அன்று தொடங்கியது; ஜூன் 7, 14, 21, 28 ஆகிய நான்கு ஞாயிறுகளோடு முடிகிறது. அதன்பின் மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது.

இரவு அறையில் அம்லோடிபின் இருக்கிறது. பாலக்காட்டில் ஒரு பெயரிலும் பொள்ளாச்சியில் வேறொரு பெயரிலும் இதே மருந்து நம் கைக்கு வருகிறது. அட்டையின் நிறமும் வேறு. சென்ற ஆண்டு இரண்டையும் வெவ்வேறு மருந்து என்று நானே எண்ணி நான்கு நாள் சேர்த்துப் போட்டுவிட்டேன். அப்பாவின் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையவில்லை. ஆகையால் புதிய அட்டை வந்ததும் பெரிய எழுத்திலுள்ள பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்திலுள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராம் எண்ணையும் மேலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே பெட்டிக்குள் போட வேண்டும். அப்பா படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகே நிற்கட்டும்.

வாங்க வேண்டிய நாட்கள்

ஜூன் 6 மாலை, பெட்டியை நிரப்பும் முன் எல்லாவற்றையும் எண்ணினேன். இருப்பு தீர ஒரு வாரம் இருக்கையிலேயே வாங்கிவிட வேண்டும் என்பதே கணக்கு. மழையில் பஸ் நின்றாலும், கடையில் மருந்து இல்லாவிட்டாலும், அந்த ஒரு வாரம் கைகொடுக்கும்.

| மருந்து | ஜூன் 6 இருப்பு | தீரும் நாள் | வாங்கும் நாள் |
|---|---|---|---|
| மெட்ஃபார்மின் | 42 | ஜூன் 27 | ஜூன் 20, சனி (60 மாத்திரை) |
| அம்லோடிபின் | 21 | ஜூன் 27 | ஜூன் 20, சனி (30) |
| கால்சியம் | 21 | ஜூன் 27 | ஜூன் 20, சனி (30) |
| கிளிமெபிரைடு | 28 | ஜூலை 4 | ஜூன் 27, சனி (30) |
| டெல்மிசார்டன் | 28 | ஜூலை 4 | ஜூன் 27, சனி (30) |
| அட்டோர்வாஸ்டாட்டின் | 28 | ஜூலை 4 | ஜூன் 27, சனி (30) |
| ஆஸ்பிரின் | 35 | ஜூலை 11 | ஜூலை 4, சனி |
| தைராக்சின் | 63 | ஆகஸ்ட் 8 | ஆகஸ்ட் 1, சனி (ஒரு குப்பி) |

ஜூன் 20 அன்று வாங்குபவை ஜூலை 27 வரையும், ஜூன் 27 அன்று வாங்குபவை ஆகஸ்ட் 3 வரையும் வரும். அடுத்த முறை முறையே ஜூலை 18, ஜூலை 25 ஆகிய சனிக்கிழமைகளில் வாங்கலாம். கண் சொட்டு மருந்தைத் திறந்த நான்கு வாரத்தில், உள்ளே மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். ஜூன் 1 அன்று திறந்ததால், புதிய குப்பியை ஜூன் 27 அன்று மற்றவற்றோடு வாங்கி, 29 அன்று மாற்றவும். திறந்த தேதியைக் குப்பிமேல் எழுதி வைக்கவும். மருந்துச் சீட்டின் நகல்கள் இரண்டும் அம்மாவின் பீரோவில் ரேஷன் அட்டை உறைக்குள் இருக்கின்றன.

மறந்தால், உடம்பு சரியில்லையென்றால்

ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. அதை அறையிலேயே விட்டுவைத்து எனக்குத் தெரிவிக்கவும். மீந்த மாத்திரையைப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று எனக்குப் புரியும். "போட்டேனா இல்லையா" என்று அப்பா கேட்டால் அவருடைய நினைவையோ நம்முடைய நினைவையோ நம்பாமல் அறையைத் திறந்து பார்க்கவும்.

திடீரென வியர்த்தாலோ, கை நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே சர்க்கரை அளவைப் பார்க்கவும். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் அவர் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவும். ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுக்கவும். ஏறிய பின் ஏதேனும் சாப்பிட வைத்து, அன்று முழுவதும் கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கிளிமெபிரைடு மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்கவும். சர்க்கரை சரியாக இருந்தும் பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, நெஞ்சு வலித்தாலோ அப்போதும் தாமதிக்காமல் 108தான். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளில் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேட்கவும்.

மூட்டுவலிக்கு என்று உறவினர்கள் வாங்கி வரும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை, வருபவர் மனம் நோகாமல் வாங்கி வைத்துக்கொண்டு, அப்பாவுக்குக் கொடுக்காமல் விட்டுவிடவும். ஆஸ்பிரினும் டெல்மிசார்டனும் போட்டுக்கொள்பவருக்கு அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அடுத்த மருத்துவச் சந்திப்பு ஜூலை 3, வெள்ளிக்கிழமை. அன்று இந்தப் பெட்டியையும், காலியான அட்டைகளையும், சர்க்கரை எழுதி வரும் நீல நோட்டையும் ஒரே பையில் எடுத்துவர வேண்டும். ஜூலை 4 அன்று இந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவேன்.